உயர்தர அனுமதி அட்டை: பெயரோ படமோ பிழையென்றால் பரீட்சைக்கு முன் என்ன செய்யலாம்? திருகோணமலைத் தனிப்பட்ட பரீட்சார்த்திகளின் கேள்விகள்

பாடசாலை மூலம் விண்ணப்பித்த பிள்ளைக்கு அதிபரும் வகுப்பாசிரியரும் இருக்கிறார்கள். அட்டையில் பிழையென்றால் அங்கேயே போய்ச் சொல்லலாம். இரண்டாம், மூன்றாம் முறை எழுதும் தனிப்பட்ட பரீட்சார்த்திக்கு அப்படி யாரும் இல்லை. நிலாவெளியிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் இருந்து விண்ணப்பித்தவர்கள் கொமினிகேஷன் கடைக்காரரையே நம்பி இருக்கிறார்கள். ஆகவே கீழே உள்ளது பெரும்பாலும் க.பொ.த. உயர்தரத் தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்காக. சாதாரண தரத்தைத் திரும்ப எழுதுபவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

அட்டை தபாலில் வருமா, நாங்கள்தான் எடுக்க வேண்டுமா?

பாடசாலைப் பரீட்சார்த்திகளின் அட்டைகள் அதிபருக்குப் போகும். தனிப்பட்டவர்களுக்கு விண்ணப்பத்தில் கொடுத்த முகவரிக்குத் தபாலில் வரும், இணையத்திலும் எடுக்கலாம். தபாலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். அட்டை வெளியாகிவிட்டது என்று பரீட்சைத் திணைக்களம் அறிவித்த அன்றே இணையத்தில் எடுத்துப் பாருங்கள். காரணம் ஒன்றுதான்: திருத்தம் செய்வதற்கான கடைசித் திகதியையும் அந்த அறிவித்தலிலேயே போடுவார்கள், அந்த அவகாசம் நீளமாக இருக்காது. தபால் உங்கள் படலைக்கு வருவதற்குள் அதில் பாதி போய்விடக்கூடும்.

எந்தத் தளத்துக்குப் போக வேண்டும்? கூகுளில் தேடினால் பத்து வருகிறது.

திணைக்களத்தின் தளம் doenets.lk. அனுமதி அட்டையும் திருத்தமும் onlineexams.gov.lk/eic என்ற முகவரியில் இருக்கின்றன. doenets.lk முகப்பிலிருந்தும் அங்கே போகலாம். தேடலில் வரும் மற்றவை பெரும்பாலும் செய்தித் தளங்கள், சில வெறும் விளம்பரக் குப்பை. இந்த இரண்டைத் தவிர வேறெங்கும் அடையாள அட்டை இலக்கத்தை அடிக்க வேண்டாம்.

உள்ளே போனதும் பரீட்சையையும் ஆண்டையும் தெரிவு செய்து, விண்ணப்பத்தில் கொடுத்த அதே தேசிய அடையாள அட்டை இலக்கத்தை அடிக்க வேண்டும். ஒருமுறைக் கடவுச்சொல் கேட்டால் அது விண்ணப்பத்தில் கொடுத்த போன் இலக்கத்துக்கு வரும். அட்டை பிடிஎஃப் கோப்பாக இறங்கும். அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பி பிரிண்ட் போட வேண்டாம். ஓரத்தில் இருக்கும் கையொப்ப இடமோ சுட்டெண்ணோ வெட்டுப்படும். பிடிஎஃப் கோப்பையே அனுப்பி ஏ4 தாளில் எடுங்கள். கடைக் கொம்பியூட்டரில் இறக்கியிருந்தால், எழும்பும் முன் கணக்கிலிருந்து வெளியேறி, கோப்பையும் அழித்துவிடச் சொல்லுங்கள்.

அட்டை வெளியான முதல் நாள் மாலையில் தளம் திணறுவது வழமை. வெள்ளைத் திரையைப் பார்த்து, விண்ணப்பமே போகவில்லையோ என்று பதற வேண்டாம். விடியற்காலையில் திறந்து பாருங்கள்.

கடவுச்சொல் எங்களுக்கு வரவே இல்லை. விண்ணப்பம் போட்டது சந்தியில் உள்ள கொமினிகேஷனில்.

அப்படியென்றால் அது கடைக்காரரின் போனுக்குப் போயிருக்கும். ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு விண்ணப்பம் போடும் இடத்தில், ஒவ்வொருவரிடமும் இலக்கம் கேட்காமல் தன் இலக்கத்தையே அடித்துவிடுவார்கள். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, அவசரம். கடைக்குப் போய், அவர் போன் கையில் இருக்கும்போதே நீங்கள் உள்நுழையுங்கள். கடவுச்சொல் சிறிது நேரத்தில் காலாவதியாகிவிடும் என்பதால், “அண்ணா, வந்தால் அனுப்புங்கோ” என்று வீட்டிலிருந்து கேட்பது சரிவராது.

கடை மூடிவிட்டது, ஆளைப் பிடிக்க முடியவில்லை என்றால் திணைக்களத்தின் துரித இலக்கம் 1911. பேசும்போது அடையாள அட்டையும், விண்ணப்பித்தபோது தந்த பிரதியும் கையில் இருக்கட்டும்.

“தரவு இல்லை” என்று சொல்கிறது. பணம் கட்டிய பற்றுச்சீட்டு இருக்கிறதே!

பெரும்பாலும் அடையாள அட்டை இலக்கம்தான் பிரச்சினை. ஒன்று, நீங்கள் இப்போது அடிப்பது பிழை. அல்லது விண்ணப்பத்தில் அடித்தது பிழை. இதைக் கண்டுபிடிக்க அந்த இலக்கத்தை வாசிக்கத் தெரிந்தால் போதும்.

12 இலக்க அடையாள அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். பெப்ரவரியை எந்த ஆண்டிலும் 29 நாளாகவே எண்ண வேண்டும். 2006 மார்ச் 14இல் பிறந்த ஒரு பெண் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். ஜனவரி 31, பெப்ரவரி 29, மார்ச்சில் 14, ஆக 74. பெண் என்பதால் 574. எனவே அவருடைய இலக்கம் 2006574 என்றுதான் தொடங்க வேண்டும். விண்ணப்பப் பிரதியில் 2006547 என்று இருந்தால் இரண்டு எண்கள் இடம் மாறிவிட்டன என்று உடனே தெரிந்துவிடும். அந்தப் பிழையான இலக்கத்தை அடித்துப் பார்த்தால் அட்டை திறக்கவும் கூடும்.

பழைய 9 இலக்கமும் V எழுத்தும் உள்ள அட்டைக்காரருக்கு இன்னொரு குழப்பம். விண்ணப்பித்தது பழைய இலக்கத்தில், கையில் இப்போது புதிய அட்டை. இரண்டும் ஒரே ஆளின் இலக்கம்தான்: முன்னால் 19 சேரும், ஐந்தாம் எண்ணுக்குப் பிறகு ஒரு 0 நுழையும், கடைசி எழுத்து போய்விடும்.

```
851234567V  →  198512304567
```

விண்ணப்பத்தில் எந்த வடிவம் இருக்கிறதோ அதையே அடித்துப் பாருங்கள்.

அட்டை கிடைத்துவிட்டது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எல்லோரும் முதலில் பெயரைத்தான் பார்க்கிறார்கள். நான் சொல்வது, பெயரைக் கடைசியில் பாருங்கள். முதலில் அடையாள அட்டை இலக்கம், பிறகு பாடங்கள், பிறகு மொழிமூலம், பிறகு பரீட்சை நிலையம். இந்த நான்கும் பரீட்சை நாளன்று உங்களைத் தடுக்கக்கூடியவை. தமிழ் மொழிமூலத்துக்குப் பதிலாக வேறொன்று பதிவாகியிருந்தால் உங்கள் முன்னால் வரும் வினாத்தாளே வேறாக இருக்கும். பெயரில் ஓர் எழுத்து குறைந்திருப்பது அன்றைக்குப் பெரும்பாலும் உங்களைத் தடுக்காது. அது பின்னால் சான்றிதழில் வந்து நிற்கும்.

பார்க்கும்போது அட்டையை மட்டும் பார்த்தால் பிழை கண்ணில் படாது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சாதாரண தரச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் வைத்து, இன்னொருவரைக் கொண்டு எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள். நம் பெயரை நாமே வாசித்தால், இருப்பதை வாசிப்பதில்லை, இருக்க வேண்டியதை வாசித்துவிடுகிறோம்.

மகளின் பெயரில் H ஒன்று இல்லை. இது பெரிய பிழையா, விடலாமா?

விடாதீர்கள். ஆனால் எது பிழை, எது பிழையில்லை என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுத ஒரே வழி என்று எதுவும் இல்லை. தர்ஷிகா என்பதை THARSHIKA, THARSIKA, DHARSHIKA, THARSHIGA என்று நான்கு விதமாக எழுதினாலும் நாலும் ஒரே பெயர்தான். கிண்ணியாப் பக்கம் முஹம்மத் என்ற பெயர் ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் இரண்டு விதமாக இருக்கும். அதனால் “எது சரியான எழுத்து” என்று தேட வேண்டாம், “மற்றப் பத்திரங்களில் எது இருக்கிறது” என்று பாருங்கள். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் ஆங்கில எழுத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. மும்மொழியிலும் உள்ள புதிய அடையாள அட்டையும் சாதாரண தரச் சான்றிதழும்தான் அளவுகோல்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். சாம்பல்தீவைச் சேர்ந்த ஒரு மாணவி, இரண்டாம் முறை கலைப் பிரிவில் எழுதுகிறார் என்று வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் தமிழில் தர்ஷிகா, தகப்பன் பெயர் செல்வநாயகம். அடையாள அட்டையிலும் சாதாரண தரச் சான்றிதழிலும் SELVANAYAGAM THARSHIKA. கடையில் அடித்த விண்ணப்பத்தால் அனுமதி அட்டையில் வந்தது SELVANAYAKAM THARSIKA. இங்கே இரண்டு வேறுபாடுகள். G இருக்க வேண்டிய இடத்தில் K, அப்புறம் அந்த H. இரண்டையும் ஒரே கோரிக்கையில் திருத்தக் கேட்க வேண்டும். H ஐ மட்டும் கவனித்துத் திருத்திவிட்டு, தகப்பன் பெயரைப் பிறகு பார்ப்போம் என்றால் திகதி முடிந்துவிடும்.

இதே மாணவியின் அட்டையில் S. THARSHIKA என்று இருந்திருந்தால்? அது முதலெழுத்துடன் எழுதிய பெயர், பிழையில்லை. ஆனால் முழுப்பெயர் கேட்ட இடத்தில் முதலெழுத்தைப் போட்டிருந்தால் திருத்திக்கொள்வது நல்லது, பின்னால் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது கடவுச்சீட்டிலும் சான்றிதழிலும் பெயர் ஒத்துப்போகவில்லை என்று நிற்கும்.

சாதாரண தரச் சான்றிதழும் அடையாள அட்டையும் ஒன்றுக்கொன்று வேறுபட்டால் கதை சற்று சிக்கலாகிறது. அப்போது அனுமதி அட்டையை எதற்கு ஒத்தபடி மாற்றினாலும் மற்றது இடிக்கும். பரீட்சை மண்டபத்தில் கேட்பது அடையாள அட்டையை. எனவே இப்போதைக்கு அதனுடன் ஒத்துப்போகட்டும். பழைய சான்றிதழைத் திருத்துவதைப் பரீட்சைக்குப் பிறகு, பிறப்புச் சான்றிதழுடன் தனியாகச் செய்யலாம்.

சரி, திருத்தத்தை எப்படிப் போடுவது? கொழும்புக்குப் போக வேண்டுமா?

போகத் தேவையில்லை. அட்டை எடுத்த அதே onlineexams.gov.lk/eic தளத்தில், அறிவித்த திகதிக்குள், பெயர், பிறந்த திகதி, பாடம், மொழிமூலம் போன்றவற்றைத் திருத்தக் கேட்கலாம். இரவு மெயில் ரயிலில் ஏறி விடிய பத்தரமுல்லைக்குப் போய் வரிசையில் நிற்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே போனாலும் பலருக்கு “ஒன்லைனில் போடுங்கோ” என்பதுதான் பதில்.

சாம்பல்தீவு மாணவியின் விஷயத்துக்கே வருவோம். உள்நுழைந்து, திருத்தப் பகுதியில் பெயரைத் தெரிவு செய்து, அடையாள அட்டையில் உள்ளபடியே பெரிய எழுத்தில் அடிக்கிறார். கேட்கும் இடத்தில் அடையாள அட்டையின் இரு பக்கங்களையும் பிறப்புச் சான்றிதழையும் ஸ்கான் பண்ணிச் சேர்க்கிறார். போனில் எடுத்த படம் என்றால் நிழல் விழாமல், நான்கு மூலையும் தெரிய வேண்டும். சமர்ப்பித்தவுடன் திரையில் வருவதை பிடிஎஃப் ஆகச் சேமித்து, பிரிண்டும் எடுத்து வைக்கிறார். இந்தக் கடைசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பரீட்சை நாளில் திருத்தம் கேட்டதற்கு உங்கள் கையில் உள்ள ஒரே சாட்சி அந்தத் தாள்தான்.

அப்புறம் ஒன்றிரண்டு நாள் விட்டு அட்டையைத் திரும்ப இறக்கிப் பாருங்கள். திருத்தம் ஏறியிருந்தால் பழைய பிரிண்டைக் கிழித்துவிடுங்கள். இரண்டு விதமான அட்டை ஒரே கோவைக்குள் இருந்தால், காலை அவசரத்தில் பிழையானதுதான் கையில் வரும்.

அடையாள அட்டை இலக்கமே பிழையென்றால் இந்த வழி ஓடாமல் போகலாம், ஏனென்றால் உள்நுழைவதே அந்த இலக்கத்தால்தான். அதற்கு 1911க்குப் பேசி, அவர்கள் சொல்லும் வழியில் எழுத்திலும் அனுப்புங்கள். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இப்படிப் போதும்:

> பரீட்சை ஆணையாளர் நாயகம்,
> இலங்கைப் பரீட்சைத் திணைக்களம், பெலவத்த, பத்தரமுல்ல.
>
> க.பொ.த. உயர்தரம், தனிப்பட்ட பரீட்சார்த்தி – அடையாள அட்டை இலக்கத் திருத்தம்
>
> சுட்டெண்: ……
> அனுமதி அட்டையில் உள்ள இலக்கம்: 2006547……
> சரியான இலக்கம்: 2006574……
>
> விண்ணப்பத்தைப் பதிந்தபோது இரண்டு எண்கள் இடம் மாறிவிட்டன. அடையாள அட்டையின் இரு பக்கப் பிரதியும் அனுமதி அட்டைப் பிரதியும் இணைத்துள்ளேன். என் தொலைபேசி: ……

“தயவுடன் தாழ்மையாகக் கேட்டுக்கொள்வது என்னவென்றால்” என்று அரைப் பக்கம் எழுதினால் வாசிப்பவர் இலக்கத்தைத் தேட வேண்டிவரும். உள்ளதும் வேண்டியதும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கட்டும்.

எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அடையாள அட்டையில் கணவர் பெயர், அனுமதி அட்டையில் அப்பா பெயர்.

இலக்கம் ஒன்றாக இருக்கும் என்பதால் ஆள் நீங்கள்தான் என்பது தெரியும். ஆனாலும் விவாகச் சான்றிதழின் பிரதியொன்றைப் பரீட்சையின் முதல் நாளன்று கொண்டு போங்கள். சான்றிதழ் எந்தப் பெயரில் வர வேண்டும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். சாதாரண தரம் அப்பா பெயரில் இருந்தால் இதையும் அப்படியே விடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அட்டையில் என் போட்டோ வரவே இல்லை. விண்ணப்பத்தில் பிழை விட்டுவிட்டேனா?

இல்லை. க.பொ.த. அனுமதி அட்டையில் படம் அச்சிடுவதில்லை. இந்தியப் பரீட்சைகளின் ஹோல் டிக்கட்டை யூடியூப்பில் பார்த்துவிட்டுத்தான் பலர் இதைக் கேட்கிறார்கள். இங்கே உங்கள் முகத்தைச் சரிபார்ப்பது அடையாள அட்டையில், செல்லுபடியாகும் கடவுச்சீட்டில், அல்லது சாரதி அனுமதிப்பத்திரத்தில். எனவே படத்தில் சிக்கல் என்றால் அதைப் பரீட்சைத் திணைக்களத்திடம் கொண்டு போய்ப் பயனில்லை. அது ஆட்பதிவுத் திணைக்களத்தின் வேலை.

அடையாள அட்டையில் உள்ள படம் என்னைப் போலவே இல்லை. இன்னொருவருக்கு அட்டையே தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

படம் பழையது, அப்போது மெலிவு, இப்போது தாடி என்பதெல்லாம் பொதுவாகப் பிரச்சினை இல்லை. நோக்குநர்கள் ஒவ்வொரு ஆண்டும் பார்ப்பதுதான். அட்டை நீர் பட்டு, லெமினேட் பிரிந்து, முகமே மங்கிப்போயிருந்தால் அது வேறு. கடற்கரைப் பக்கத்துப் பொடியன்களின் பழைய அட்டைகள் பல இந்த நிலையில்தான் இருக்கின்றன. முகமும் இலக்கமும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அந்த அட்டையை நம்பிப் போகாதீர்கள்.

புதிய அட்டைக்கு உங்கள் பிரிவுக் கிராம உத்தியோகத்தரிடம் தொடங்கி, பிரதேச செயலகம் வழியாக விண்ணப்பம் போகும். படத்தைத் திணைக்களத்தில் பதிவுபெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்கள் படத்தை நேரடியாகத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு உங்களுக்கு ஒரு பற்றுச்சீட்டு தருவார்கள், அதை விண்ணப்பத்துடன் சேர்க்க வேண்டும். ஆகவே வீட்டில் உள்ள பாஸ்போட் சைஸ் படம் உதவாது. தொலைந்த அட்டைக்குப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் தேவை. இடையில் ஸ்டூடியோப் பற்றுச்சீட்டில் உள்ள பெயரையும் ஒருமுறை வாசியுங்கள். முன்னால் நின்றவரின் சீட்டு மாறி வந்தால், இன்னொருவர் முகத்துடன் உங்கள் அட்டை வரும்.

பரீட்சைக்குள் அட்டை கைக்கு வராது என்று தெரிந்தால், ஆட்பதிவுத் திணைக்களம் பரீட்சார்த்திகளுக்குத் தரும் அடையாளத்தை உறுதிப்படுத்தும் கடிதத்தைக் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் அடையாள அட்டைப் பிரிவில் விசாரித்தால் எங்கே, என்ன கொண்டு போக வேண்டும் என்று சொல்வார்கள். பெரிய பரீட்சைகளுக்கு முன் இந்தக் கடிதத்துக்காகத் திணைக்களம் சனிக்கிழமையும் அலுவலகத்தைத் திறப்பதுண்டு. அந்த அறிவித்தலைக் கவனித்திருங்கள். இந்தக் கடிதத்தில் உள்ள பெயரும் இலக்கமும் அனுமதி அட்டையோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

நான் எழுதுவது ஒரு தொழில்சார் நிறுவனத்தின் பரீட்சை. அந்த அட்டையில் படம் இருக்கிறது, ஆனால் என் படம் இல்லை!

இது சிரிக்கவும் வைக்கும், பயமும் காட்டும். நடப்பது இப்படி: கடைக் கொம்பியூட்டரில் எல்லோருடைய படமும் ஒரே இடத்தில் photo.jpg, photo1.jpg, photo2.jpg என்று கிடக்கும். பதிவேற்றும்போது பக்கத்துக் கோப்பைச் சொடுக்கிவிடுவார்கள். அக்காவும் தங்கையும் ஒன்றாக விண்ணப்பித்தால் படங்கள் மாறுவது இன்னும் இலகு, பார்த்தாலும் உடனே பிடிபடாது.

பெயர்ப் பிழையைப் போல இதை ஆறுதலாகப் பார்க்க முடியாது. அட்டையில் வேறு முகம் இருந்தால் மண்டபத்தில் ஆள்மாறாட்டச் சந்தேகம் வரும். நிறுவனத்தின் பரீட்சைப் பிரிவுக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். பொருள் வரியில் பதிவிலக்கமும் “அனுமதி அட்டையில் படம் மாறியுள்ளது” என்பதும் இருக்கட்டும். இணைக்க வேண்டியவை மூன்று: பிழையான அட்டை, அடையாள அட்டையின் ஸ்கான், அவர்கள் கேட்ட அளவில் சரியான படம். படத்துக்கு உங்கள் பெயரையும் பதிவிலக்கத்தையும் வைத்து அனுப்புங்கள். photo.jpg என்றே அனுப்பினால் அங்கேயும் அதே கதை நடக்கலாம். மறுநாள் போனில் கேளுங்கள். திருத்திய அட்டை வரும்வரை மின்னஞ்சலுக்கு வந்த பதிலைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். பழைய அட்டையின் மேல் உங்கள் படத்தை ஒட்டுவது மட்டும் வேண்டாம். அது திருத்தமல்ல, பத்திரத்தில் கைவைத்ததாகிவிடும்.

அட்டையில் கையொப்பத்தை யாரிடம் உறுதிப்படுத்த வேண்டும்? லெமினேட் பண்ணலாமா?

பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதிபர். தனிப்பட்டவர்கள் கிராம உத்தியோகத்தர், சமாதான நீதவான் போன்றவர்களிடம் போகலாம். யார் யார் என்பது அட்டையுடன் வரும் அறிவுறுத்தலில் இருக்கும். அவர் முன்னால்தான் நீங்கள் கையெழுத்து வைக்க வேண்டும், எனவே வீட்டிலேயே வைத்துக்கொண்டு போகாதீர்கள். திருத்தம் போட்டிருந்தால் திருத்திய அட்டை வந்த பிறகு இந்த வேலையைப் பாருங்கள், இல்லாவிட்டால் ஜீ.எஸ். ஒபிசுக்கு இரண்டு தரம் அலைய வேண்டும். கிராம உத்தியோகத்தர்கள் எல்லா நாளும் அலுவலகத்தில் இருப்பதில்லை, நாளைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

லெமினேட் வேண்டாம். பிளாஸ்டிக்கின் மேல் கையெழுத்தும் முத்திரையும் பிடிக்காது. ஒரு தெளிவான உறைக்குள் வையுங்கள், மழைக்கும் அது போதும்.

திருத்தத் திகதி முடிந்துவிட்டது. நாளை மறுநாள் பரீட்சை.

பிழை எதில் என்பதைப் பொறுத்தது. பெயரில் எழுத்து மட்டும் என்றால் அனுமதி அட்டை, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, திருத்தம் கேட்ட தாள் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பரீட்சையின் முதல் நாளன்று வேளைக்கே போய், பரீட்சை தொடங்கும் முன் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். உங்கள் சுட்டெண்ணும் அடையாள அட்டை இலக்கமும் அவரிடம் உள்ள பட்டியலோடு ஒத்தால் எழுதலாம். விடைத்தாளில் சுட்டெண்தான் போகும், பெயர் போவதில்லை. அதனால் சுட்டெண்ணை அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். சான்றிதழ்த் திருத்தத்தைப் பரீட்சைக்குப் பிறகு பார்க்கலாம், அலைச்சல் கூடவாக இருக்கும்.

பாடம், மொழிமூலம், இலக்கம் என்றால் காத்திருக்க வேண்டாம். இப்போதே 1911. தொடர்ந்து பிஸி என்றால் விடாமல் எடுத்துப் பாருங்கள், பேசியவர் சொன்னதையும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

மழையால் பரீட்சை தள்ளிப்போனால் புது அட்டை எடுக்க வேண்டுமா?

நம் பக்கத்தில் இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. 2024ஆம் ஆண்டு உயர்தரம் நவம்பர் 25இல் தொடங்கி, வெள்ளத்தால் 27ஆம் திகதியிலிருந்து நிறுத்தப்பட்டு, டிசம்பர் 4இல்தான் தொடர்ந்தது. அப்படியான நேரத்தில் மாறுவது நேர அட்டவணை. சுட்டெண் அதேதான், ஆகவே கையில் உள்ள அட்டையைப் பத்திரமாக வையுங்கள். புதிய திகதிகளை doenets.lk இல் பாருங்கள், வட்ஸ்அப்பில் சுற்றும் படத்தை நம்பிப் படிப்பை மாற்ற வேண்டாம். வெருகல், ஈச்சிலம்பற்று மாதிரி வெள்ளம் வந்தால் பாதை அறுபடும் இடங்களில் இருப்பவர்கள் பிடிஎஃப் கோப்பைப் போனிலும், பிரிண்டை இரண்டு இடத்திலும் வைத்திருங்கள். மின்சாரம் போய்விட்டால் எந்தக் கடையிலும் பிரிண்டர் ஓடாது.